மறுநாள் காலை வவுச்சர் பார்க்கும் அக்கா ஓய்வு பெற்றார்: மண்டல அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டல அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதக் கடைசியில் எங்கள் கிளையில் நடந்த பணி ஓய்வுப் பாராட்டு விழாவுக்கு உங்களில் இரண்டு பேர் வந்திருந்தீர்கள். அலைச்சலுக்கு நடுவே வந்ததற்கு நன்றி. உங்களுக்கு இன்னொரு கிளையிலும் அன்றைக்கே ஒரு விழா இருந்ததால், பேச வந்தவர்கள் எல்லோரும் ‘ரெண்டே வார்த்தை’ என்று சொல்லி முடித்துக்கொண்டோம். நான் எழுதிக்கொண்டு வந்ததில் கால்வாசிகூடப் பேசவில்லை. மீதி முக்கால்வாசி அக்காவைப் பற்றியதுதான் என்றாலும், கேட்க வேண்டியவர்கள் நீங்கள். அதனால் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். எங்கள் வங்கியின் பெயரையோ ஊரின் பெயரையோ போடவில்லை. இது எல்லாப் பொதுத்துறை வங்கிக் கிளைகளுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அக்கா 1987-ல் வங்கி வேலைக்கான பி.எஸ்.ஆர்.பி. தேர்வு எழுதி எழுத்தராகச் சேர்ந்தவர். தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். பயிர்க்கடனும் நகைக்கடனும்தான் கிளையின் முக்கால்வாசி வியாபாரம். பதவி உயர்வு இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரியானால் வடக்கே எங்காவது மூன்று வருடம் போக வேண்டும். வீட்டில் மாமியார் படுக்கையில், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்தத் தலைமுறையில் வங்கியில் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் இந்தக் காரணத்தாலேயே கவுன்டரில் ஓய்வு பெற்றார்கள் என்று உங்கள் பணியாளர் பிரிவிலேயே கணக்கு எடுக்கலாம். கடைசியில் ஸ்பெஷல் அசிஸ்டென்ட் ஆனார். ஒரு வரம்பு வரைக்கும் வவுச்சர் பாஸ் பண்ணும் அதிகாரம் அவருக்கு இருந்தது. பணம் போடவும் எடுக்கவும் எழுதும் சீட்டான அந்த வவுச்சர்தான் இந்த மடலின் விஷயமே.

அக்கா சேர்ந்தபோது கிளை எப்படி இருந்தது என்று இப்போது வரும் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். சேமிப்புக் கணக்கில் ஐந்நூறு ரூபாய் எடுக்க ஒருவர் வருகிறார். பணம் எடுக்கும் சீட்டைக் கவுன்டரில் நீட்டுவார். லெட்ஜர் கீப்பர் ஒரு பித்தளை டோக்கனை அவர் கையில் கொடுத்து, அந்த எண்ணைச் சீட்டின் பின்னால் எழுதுவார். அப்புறம் அலமாரியிலிருந்து லெட்ஜரை இறக்க வேண்டும். ஒரு குழந்தையின் எடை இருக்கும். அந்தக் கணக்குக்குரிய பக்கத்தைப் புரட்டி, தேதி, விவரம், பற்று, புது இருப்பு எல்லாம் பேனாவில் எழுதி, கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டு, லெட்ஜரையும் சீட்டையும் சேர்த்து அதிகாரியின் மேஜைக்கு அனுப்புவார். அதிகாரி பக்கத்தைப் பார்த்து, இருப்பைப் பார்த்து, பதிவின் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுச் சீட்டைப் பாஸ் பண்ணுவார். கடைநிலை ஊழியர் அதைக் காசாளர் கூண்டுக்குக் கொண்டு போவார். காசாளர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார். ஆள் வந்ததும் பணத்தை உடனே நீட்ட மாட்டார், “எவ்வளவுங்க?” என்று கேட்பார். தொகையைச் சரியாகச் சொன்னால்தான் பணம். டோக்கனைக் கீழே கண்டெடுத்து யாராவது வந்துவிடக் கூடாது அல்லவா.

இதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதல் தேதி என்றால் ஒன்றரை மணி நேரம். யாரும் அதை நினைத்து ஏங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஐந்நூறு ரூபாய் வெளியே போகும் முன் அந்தச் சீட்டை மூன்று பேர் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மூவரில் இருவர் அதை ஒரு பக்கத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் அன்றைய வவுச்சர்களையெல்லாம் பிரித்து அடுக்கி, பற்று இவ்வளவு, வரவு இவ்வளவு என்று கூட்டி டே புக் எழுதுவார்கள். அது அன்றன்றைக்கே சரியாகிவிடும். ஏனென்றால் டே புக் எழுதுவது வவுச்சரைப் பார்த்துத்தான், லெட்ஜரைப் பார்த்து அல்ல. லெட்ஜரில் தப்பாக எழுதியிருந்தால் அன்றைக்குத் தெரியாது. அது தெரிவது மாதக் கடைசியில், ‘ஜாட்டிங்’ எடுக்கும்போது. ஒரு லெட்ஜரில் உள்ள நானூறு கணக்குகளின் இருப்பையும் ஒவ்வொன்றாக ஒரு நோட்டில் எழுதிக் கூட்டினால், அது டே புக்கிலிருந்து எழுதும் ஜெனரல் லெட்ஜரில் உள்ள தொகையோடு பைசா சுத்தமாகச் சேர வேண்டும். பெரும்பாலும் சேராது. சேராத அந்தத் தொகைக்குப் பெயர் ‘டிஃபரன்ஸ்’. டிஃபரன்ஸ் விழுந்த லெட்ஜரை வைத்திருப்பவருக்கு அந்த வாரம் வீட்டில் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான்.

நான் 1996-ல் இந்தக் கிளைக்கு வந்தேன். அதற்குள் பெரிய நகரங்களில் லெட்ஜர் பதியும் எந்திரங்கள் வந்துவிட்டன. எங்களுக்கு இன்னும் பேனாதான். டிஃபரன்ஸ் தேடுவது என்றால் என்ன என்று நான் கற்றது அக்காவிடம். 1997-ல் ஒரு மாதக் கடைசியில் மூன்றாம் நம்பர் லெட்ஜரில் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஜெனரல் லெட்ஜர்படி இருக்க வேண்டியது 14,27,365 ரூபாய் 40 பைசா. ஜாட்டிங் கூட்டல் 14,29,165 ரூபாய் 40 பைசா. ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கூடுதல். நான் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பதிவாக டிக் அடிக்க ஆரம்பித்தேன். அக்கா லெட்ஜரை மூடி வைக்கச் சொன்னார். “முதல்ல நம்பரைக் கொஞ்ச நேரம் பாரு, அதுவே சொல்லும்” என்றார்.

முதலில் கூட்டலையே இன்னொருவரை விட்டுக் கூட்டிப் பார்த்தோம், சரியாக இருந்தது. அடுத்தது, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஏதாவது பற்றுச் சீட்டு லெட்ஜரில் ஏறாமல் விட்டுப்போனதா? வவுச்சர் கட்டுகளைப் புரட்டினோம், அந்தத் தொகைக்கு எதுவும் இல்லை. அடுத்தது பாதி. எடுத்த பணத்தைப் போட்டதாக எழுதிவிட்டால் தப்பு இரட்டிப்பாகும். தொள்ளாயிரம் ரூபாயை இருப்பில் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டினால் கூடுதல் ஆயிரத்து எண்ணூறு வரும். தொள்ளாயிரத்துக்குச் சீட்டுகள் இருந்தன, எல்லாம் சரியாகவே ஏறியிருந்தன. அடுத்தது பூஜ்யம். இரண்டாயிரம் எடுத்ததை இருநூறு என்று எழுதியிருந்தாலும் அதே ஆயிரத்து எண்ணூறுதான் கூடும். இரண்டாயிரம் எடுத்த சீட்டுகளும் சுத்தம்.

மிச்சம் இருந்தது இலக்கம் இடம் மாறுவது. இரண்டு இலக்கங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். ஆயிரத்து எண்ணூறை ஒன்பதால் வகுத்தால் இருநூறு. இருநூறு என்று வந்தால் ஆயிரத்து இலக்கமும் நூறு இலக்கமும் இடம் மாறியிருக்கின்றன, அந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இரண்டு. 31, 42, 53, 64 இப்படி. கூடுதலாக வந்திருப்பதால், இப்போது எழுதியிருப்பதில் பெரிய இலக்கம் முன்னால் இருக்கும். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது, ஒரு பக்கம் நிறைந்து அந்த மாதம் புதுப் பக்கம் தொடங்கிய கணக்குகளை. பழைய இருப்பைப் புதுப் பக்கத்தின் தலையில் எழுதும்போதுதான் கை தப்பும். அப்படிப் புதுப் பக்கம் போன கணக்குகள் முப்பது சொச்சம் இருந்தன. கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. பழைய பக்கத்தின் அடியில் 4,650. புதுப் பக்கத்தின் தலையில் 6,450. நல்லவேளை, அந்த விவசாயி அந்த மாதம் பணம் எடுக்க வரவில்லை.

நானூறு கணக்கில் ஒரு மாதப் பதிவையும் டிக் அடித்திருந்தால் எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கும். இது ஏதோ மந்திரம் இல்லை, பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். அக்காவிடம் நான் பார்த்தது அடுத்து நடந்த பேச்சில். சரிப்படுத்திவிட்டு, மொத்தம் சேர்ந்துவிட்ட சந்தோஷத்தில் நான் கிளம்பப் போனேன். “டேலி ஆயிடுச்சுன்னா தப்பே இல்லைன்னு அர்த்தமா?” என்று கேட்டார். நான் முழித்தேன். இந்த விவசாயி போட்ட ஐந்நூறை அதே லெட்ஜரில் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் ஏற்றியிருந்தால் கூட்டல் மாறுமா? மாறாது. ஒருவருக்குக் கூடுகிறது, இன்னொருவருக்குக் குறைகிறது, மொத்தம் அப்படியே நிற்கிறது. ஜாட்டிங் எத்தனை தடவை எடுத்தாலும் இந்தத் தப்பு அகப்படாது. அது அகப்படும் இடம் ஒன்றே ஒன்றுதான். மறுநாள் காலையில், பதிவு போட்டவர் இல்லாமல் வேறொருவர் உட்கார்ந்து, முந்தின நாள் வவுச்சரை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, லெட்ஜர் பக்கத்தில் உள்ள பெயரோடு ஒப்பிட வேண்டும். அக்கா சேர்ந்த காலத்திலிருந்து கிளை திறந்ததும் நடக்கும் முதல் வேலை அதுதான்.

மற்ற மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கா சேர்ந்த வருடம் வங்கிகளின் கணக்காண்டு டிசம்பர் 31-ல் முடிந்தது. ஊரே புத்தாண்டு கொண்டாடும்போது இவர்கள் க்ளோசிங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த கணக்காண்டை 15 மாதமாக நீட்டி 1989 மார்ச் 31-க்குக் கொண்டுபோனார்கள், புத்தாண்டு ராத்திரி திரும்பக் கிடைத்தது. சேமிப்புக் கணக்குக்கு வட்டி, மாதத்தில் 10-ம் தேதி முதல் கடைசித் தேதி வரைக்கும் இருந்த குறைந்தபட்ச இருப்புக்கு மட்டும்தான். 11-ம் தேதி பணம் கொண்டுவந்தால் அந்த மாதம் அதற்கு வட்டி இல்லை. “பத்துக்குள்ள போட்டுடுங்க” என்று கிழவிகளிடம் சொல்லிச் சொல்லியே அக்காவுக்குத் தொண்டை போனது. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்றானது. கைக்கணக்கில் அதைச் செய்வது நடக்காத காரியம். கணினி வந்ததால் வாடிக்கையாளருக்குக் கிடைத்த நிஜமான லாபங்களில் இதை முதலில் வைப்பேன், ஏனோ யாரும் இதைப் பேசுவதில்லை. பெண்களுக்கென்று கழிப்பறை எங்கள் கிளையில் வந்தது கணினி வந்த பிறகுதான். கணினிக்கு ஏ.சி. அறை கட்டியபோது மிஞ்சிய இடத்தில் கட்டினார்கள். அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கும் நமக்குத்தான் சிரிப்பு வராது.

எங்களுக்கு 1999-ல் கிளைக்குள் மட்டும் ஓடும் கணினி வந்தது, 2006-ல் மையக் கணினியோடு இணைத்தார்கள். ஜாட்டிங் ஒழிந்தது. “அதுக்குக் கற்பூரம் ஏத்தணும்” என்று அக்காவே சொன்னார். இருப்பைக் கணினியே கூட்டுகிறது, கழிக்கிறது. பற்றுக்கு எதிர்ப் பதிவு இல்லாமல் அது ஒரு பதிவையும் ஏற்றுக்கொள்ளாது. பக்கம் மாறும்போது இலக்கம் இடம் மாறாது. நான் மேலே சொன்ன கூட்டல் தப்பு, விடுபடல், எடுத்ததைப் போட்டதாக எழுதுவது எல்லாம் ஒரே நாளில் காணாமல் போயின.

காணாமல் போகாதது ஒன்றுதான், சார். ஆள் மாறிப் போகும் தப்பு.

அன்றைக்கும் டேலியில் அகப்படாமல் இருந்தது அது மட்டும்தான், இன்றைக்கு மிஞ்சியிருப்பதும் அது மட்டும்தான். இப்போது கணினி எப்போதுமே டேலி ஆகிறது. ஒரு சந்தேகத்தைக் கிளப்ப டிஃபரன்ஸ்கூட விழுவதில்லை. முன்பு கணக்கு எண் மூன்று நான்கு இலக்கம், அதையும் விட ஆளின் முகம் தெரியும். 2006-ல் அது நீண்ட எண்ணாக மாறியது. அந்த எண் மனப்பாடமாக இருக்கும் வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. பாஸ்புக்கை வீட்டில் வைத்துவிட்டு வந்தவருக்குப் பெயரைப் போட்டுத்தான் கணக்கைத் தேடுகிறோம். எங்கள் பக்கத்தில் ஒரே ஊர், ஒரே பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தும் ஒன்று என்று நாலைந்து பேர் சர்வ சாதாரணம்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது இது. அறுவடை நேரம், கவுன்டரில் கூட்டம். ஒரு அம்மா நெல் விற்ற பணம் இருபத்தைந்தாயிரத்தைக் கொண்டுவந்தார், பாஸ்புக் இல்லை. சீட்டைப் பக்கத்தில் நின்ற யாரோ எழுதிக் கொடுத்தார்கள், அந்த அம்மா கைநாட்டு வைத்தார். கவுன்டரில் இருந்தவர் பெயரைத் தேடியபோது திரையில் இரண்டு கணக்குகள் வந்தன. மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்துப் போட்டார். பணம் சரி, பதிவு சரி, சாயங்காலம் ரொக்கம் சரி. அதிகாரியும் திரையில் பெயரைப் பார்த்தார், சீட்டில் பெயரைப் பார்த்தார், ஒரே பெயர். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கூட்டத்தில் யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல முந்தின நாள் பட்டியலையும் வவுச்சர் கட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தச் சீட்டு வந்ததும் நின்றுவிட்டார். பட்டியலில் இருந்த கணக்கு ஒரு ஆசிரியையுடையது என்று அவருக்குத் தெரியும். மாதச் சம்பளம் வரும், காசோலைப் புத்தகம் உள்ள கணக்கு. சீட்டில் இருந்ததோ கைநாட்டு. டீச்சர் கைநாட்டு வைக்க மாட்டார். டீச்சருக்காக வேறு யாராவது போட்டிருக்கலாம் என்பதும் உண்டு. அதனால் உடனே எதையும் மாற்றவில்லை. அதே பெயரில் உள்ள இன்னொரு கணக்கைத் திறந்து பார்த்தார். அதில் மாதிரிக் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைரேகை, கூடவே பயிர்க்கடனும் இருந்தது. டீச்சருக்குப் போன் போட்டால், “ஆமா மேடம், நேத்து இருபத்தஞ்சாயிரம் வந்ததா மெசேஜ் வந்துச்சு, யார் போட்டாங்கன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்” என்றார். அந்த அம்மாவின் கணக்கில் பதிந்திருந்த கைபேசி எண் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையது. மெசேஜ் வரவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா பணம் போட்டதே தெரியாது.

பதினொரு மணிக்குள் திருத்தப் பதிவு போட்டாகிவிட்டது. டீச்சர் நல்லவர், பணமும் கணக்கில் அப்படியே இருந்தது. ஒரு வாரம் விட்டிருந்தால்? வேறு ஒருவர் கணக்காக இருந்து, தானாக வந்த பணம் என்று எடுத்துச் செலவழித்திருந்தால்? அந்தக் கணக்கை முடக்கி, நோட்டீஸ் அனுப்பி, ஆளைப் பிடித்து வசூலிக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த அம்மா பயிர்க்கடன் தவணைக்குப் பணம் கட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார், கணக்கில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லி, நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டுக்கும் 2025-ல் அந்த வசதி வந்தது. நல்ல ஏற்பாடு. அதுவரை கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான் வரவு வைத்தோம். ஆனால் நெல் விற்ற அந்த அம்மா விஷயத்தில் பெயர் சரியாகவே இருந்தது. பெயரைக் காட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று தலைமையகத்தில் யாராவது நினைத்தால், தயவுசெய்து டெல்டாவில் ஒரு கிளைக்கு வந்து பாருங்கள்.

இப்போது உங்களிடம் நேராக வருகிறேன்.

வவுச்சர் சரிபார்ப்பு மறுநாளே நடக்க வேண்டும் என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. பட்டியல் அச்சாகிறது, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை விழுகிறது, கையெழுத்து விழுகிறது. தணிக்கைக்கு வருபவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கிறார். வவுச்சரை யாராவது பார்த்தார்களா என்பது அதில் தெரியாது. அக்கா சேர்ந்தபோது கிளையில் இருபதுக்கும் மேல் ஆட்கள், அதில் ஒருவரின் காலை வேலையே இதுதான். இப்போது நாங்கள் ஏழு பேர். அதில் ஒருவர் காப்பீடு விற்கும் இலக்குக்காக வெளியே போய்விடுகிறார். காலை பத்து மணிக்குக் கவுன்டர் திறக்க வேண்டும், நகைக்கடனுக்கு வரிசை நிற்கும். நேற்றைய கட்டை உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம்? அக்கா ஒன்பது மணிக்கே வந்துவிடுவார். அந்த ஒரு மணி நேரம் அவருடைய சொந்த நேரம், அதற்கு நீங்கள் சம்பளம் கொடுக்கவில்லை. கிளையில் பல வருடமாகத் தப்பு வெளியே போகவில்லை என்று உங்கள் அறிக்கையில் இருந்தால், அதற்குக் காரணம் சாஃப்ட்வேர் என்று எழுதியிருப்பீர்கள்.

2016 நவம்பரைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். நோட்டு செல்லாது என்று 8-ம் தேதி ராத்திரி அறிவித்தார்கள், 10-ம் தேதி கிளை திறந்தது, சனி ஞாயிறும் உட்கார்ந்தோம். அப்போது காசாளர்களுக்குக் குறைந்த பணத்தை அவரவர் கையிலிருந்துதான் கட்டினார்கள். அக்காவும் கட்டினார். எவ்வளவு என்று இங்கே எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்த நாட்களிலும் காலையில் முந்தின நாள் கட்டைப் பார்க்காமல் அவர் கவுன்டரில் உட்காரவில்லை.

அக்கா போன இடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். அது எனக்குத் தெரியும். இடத்தை நிரப்புவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வவுச்சர் சரிபார்ப்புக்கென்று ஒரு மணி நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் அதைப் பார்ப்பவரைக் கவுன்டருக்குக் கூப்பிடக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். முந்தின நாள் பதிவு போட்டவரோ பாஸ் பண்ணியவரோ அதைப் பார்க்கக் கூடாது. ஏழு பேர் உள்ள கிளையில் இது கஷ்டம், ஆனால் வாரம் ஒருவர் என்று முறை வைத்தால் முடியும். தணிக்கையாளர் கையெழுத்தை மட்டும் பார்க்காமல், எத்தனை தப்பு பிடிபட்டது என்று கேட்கட்டும். ஒரு வருடம் முழுக்க ஒரு தப்புகூடப் பிடிபடவில்லை என்று ஒரு கிளை சொன்னால், அங்கே யாரும் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

புதிதாக வரும் எழுத்தர்களுக்கு நீங்கள் கொடுக்கும் பயிற்சியில் திரையை எப்படித் திறப்பது, எந்த மெனுவில் எது என்பதெல்லாம் இருக்கிறது. ஒரு பழைய வவுச்சர் கட்டையும் பட்டியலையும் கையில் கொடுத்து, இதில் மூன்று தப்பு இருக்கிறது, கண்டுபிடி என்று ஒரு நாள் உட்கார வைத்துப் பாருங்கள். கைநாட்டுச் சீட்டு காசோலைப் புத்தகம் உள்ள கணக்கில் போயிருப்பது, நகைக்கடன் வட்டிக்குக் கட்டிய பணம் அதே ஆளின் சேமிப்பில் ஏறியிருப்பது, எழுத்தில் ஒரு தொகை, எண்ணில் வேறு தொகை. இதெல்லாம் பார்த்துப் பழகினால்தான் கண்ணில் படும். எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி அக்காவோடு ஆறு மாதம் காலையில் உட்கார்ந்தது. இப்போது அது பட்டியலைப் புரட்டும் வேகத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. அந்தத் தங்கச்சியை அடுத்த பொது இடமாற்றத்தில் வேறு மாநிலத்துக்கு அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையா என்று தெரிந்தால் நல்லது.

கடைசியாக ஒரு விஷயம். பயிற்சி மையத்துக்கு வந்து ஒரு நாள் பேசுவீர்களா என்று அக்காவிடம் கேட்டுவிட்டேன். வருகிறேன் என்றார். மதியச் சாப்பாடும் பஸ் கட்டணமும் போதுமாம். உங்கள் கௌரவ ஊதியப் படிவத்தைப் பூர்த்தி செய்து மூன்று பிரதி அனுப்பச் சொன்னால் மட்டும் வர மாட்டாராம். தேதியை எனக்குச் சொல்லுங்கள், அவரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அக்காவிடம் லெட்ஜர் கற்ற ஒரு எழுத்தர்